பழைய பிரதி

உதவிப் பிரதேச செயலாளராக வந்த முதல் மாதத்திலேயே வேணுஜா மேலிடத்திலிருந்து வந்த ஒரு சுற்றுநிருபத்தின் சாரத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் காணிக் கிளையின் சுவரில் ஒட்டுவித்தாள். இடம்பெயர்வில் காணி அனுமதிப்பத்திரத்தைத் தொலைத்தவர்கள் அதன் பழைய பிரதியைக் கொண்டுவரத் தேவையில்லை. சத்தியக்கடதாசியும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் போதும். கிளையில் எல்லோரும் வாசித்துக் கையெழுத்தும் வைத்தார்கள்.

அப்படியிருந்தும், அந்த அறிவித்தலுக்குக் கீழே கதிரை போட்டிருந்த இலிகிதர் சிங்கராசா, வருகிறவர்களிடம் பழைய பிரதியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். முசலிக் கரையில் மீளக் குடியேறியிருந்த உம்மு ஸல்மா இரண்டாம் முறையும் திரும்பிப் போகும்போது வேணுஜாவின் கண்ணில் பட்டாள்.

“தொண்ணூறில எங்களை விரட்டேக்க உடுத்த உடுப்போட புத்தளம் போனனாங்கள் மகள். கடதாசிக்கு எங்க போறது?”

வேணுஜா கோபத்தோடுதான் சிங்கராசாவை அறைக்குக் கூப்பிட்டாள். அவர் எதையும் மறுக்கவில்லை.

“முந்தியும் ஒருக்கா இப்பிடித்தான் சொன்னவை மிஸ். சனத்தின்ர சொல்லை நம்பி எழுதிக் குடுத்தன். பிறகு அதே காணிக்கு இன்னொருத்தர் வந்திட்டார். விசாரணையில இது ஆரின்ர கையெழுத்து எண்டுதான் கேட்டவை. செய்யச் சொன்ன பெரியவர் அதுக்குள்ள இடமாற்றத்தில போயிட்டார்.”

“இனி ஆரும் கேட்டால் நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ அண்ணை.”

“நீங்களும் ஒருநாள் மாறிப் போவியள்தானே மிஸ்.”

அவர் குத்தலாகச் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து காலை வேளைகளில் அவருடைய மேசைக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் தன் கையெழுத்தை முதலில் வைத்தாள். மெல்ல மெல்ல அவர் இளகினார். உம்மு ஸல்மாவின் விண்ணப்பத்தை அவள் இல்லாத ஒரு நாளில் தானாகவே ஏற்று, குறிப்பெழுதி மேலே அனுப்பினார்.

சில நாட்களில் அந்த விண்ணப்பக் கோவையோடு அவளுடைய அறைக்கு வந்தார்.

“இதை ஒருக்காப் பாருங்கோ மிஸ்.”

அவருடைய குறிப்புக்குக் கீழே ‘பழைய பிரதியை இணைக்கவும்’ என்றிருந்தது. அவளுடைய கையெழுத்துத்தான். கூட்டத்துக்குப் போகும் அவசரத்தில், குவிந்து கிடந்த கோவைகளோடு அதையும் பார்த்திருக்கிறாள். இணைப்பு இல்லையென்றால் திருப்பு என்று வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழகிய கை, அவளைக் கேளாமலே எழுதிவிட்டது.

இப்போது ஒரு சாட்டுச் சொன்னால், இந்த மனிதர் இனி ஒருநாளும் தன்னை நம்பமாட்டார் என்று அவளுக்குப் பட்டது. அந்த வரியை வெட்டி, பக்கத்தில் கையெழுத்திட்டாள்.

“என்ர பிழை அண்ணை.”

கோவையைத் தானே காணிக் கிளைக்குக் கொண்டுபோய், நடந்ததை எல்லோருக்கும் சொன்னாள். இரண்டொருவர் சிரித்தார்கள். சிங்கராசா சிரிக்கவில்லை.

“எனக்கும் அப்பிடித்தான் மிஸ். கேட்டு முடிஞ்ச பிறகுதான் கேக்கத் தேவையில்லையெண்டு நினைவு வருது.”

பின்னேரம் அவர் உம்மு ஸல்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, காணி பார்க்க உத்தியோகத்தர் வரும் நாளைச் சொல்வது வேணுஜாவுக்குக் கேட்டது.

“காணிக்கு வரேக்க பழைய கடதாசி ஏதும் கிடந்தால்…” என்று தொடங்கியவர், நிறுத்தினார்.

“ஒண்டும் வேண்டாம். நீங்கள் காணியில நிண்டால் போதும்.”