மாணவர் விலை

தள்ளுபடி என்று யாராவது சொன்னால் போதும், ஸ்டூடியோக்காரருக்குத் தூக்கம் கலைந்துவிடும். சட்டையின் காலர் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கிவிடுவார். பள்ளிக்கூடக் குழுப் படம், பாஸ்போர்ட் படம், ஆல்பம் என்று முன்னறையில் கடை. பின்னறையில் குடித்தனம். நடுவே ஒரு திரைச்சீலை மட்டும்.

படங்களைத் திருத்தும் மென்பொருளுக்கு அவர் மாதாமாதம் சந்தா கட்டினார். அதுவும் மாணவர் விலைக்கு. சில வருஷத்துக்கு முன்னால், கணினியில் வடிவமைப்பு கற்றுக்கொள்ளலாம் என்று ஒரு கல்லூரியின் பல வருஷ மாலை வகுப்பில் சேர்ந்தார். மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டினால் கொஞ்சம் குறையும் என்றார்கள். கட்டிவிட்டார். கல்லூரி கொடுத்த லாகினை வைத்து மாணவர் என்று உறுதிசெய்து, மென்பொருளையும் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்தப் பருவம் முடிவதற்குள் கடையில் வேலை குவிந்தது, இடுப்பு வலி வந்தது. வகுப்புக்கு முழுக்குப் போட்டார். பாதி விலை மட்டும் நிற்கவில்லை.

அன்று மனைவியின் தம்பி வந்திருந்தான். வீட்டில் அவனுக்குச் சல்லடை என்று பேர். பார்க்கிற வேலையும் அப்படித்தான். மாணவர் தள்ளுபடி கேட்பவர்கள் உண்மையில் மாணவர்கள்தானா என்று பல கம்பெனிகளுக்காகச் சரிபார்த்துக் கொடுக்கும் அலுவலகம். கணினி தானாக உறுதிசெய்ய முடியாதவர்கள் அனுப்பும் அடையாள அட்டை, கட்டண ரசீது எல்லாம் இவன் கண்ணில்தான் விழும்.

"இன்னிக்கு ஒருத்தன் நூலக அட்டையை அனுப்பியிருக்கான்கா. தேதியே இல்ல. பேரை வேற கட்டைவிரலால மூடிக்கிட்டான்."

"உன் கட்டைவிரலை வச்சுக்கிட்டு சாப்பிடு, ஆறிப்போகுது" என்றாள் அக்கா.

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். "என்னை மாதிரி லாகின் வச்சிருந்தா இந்த ரோதனையே இல்ல மாப்ளே. ஒரே ஒரு தடவை பண்ணேன். இத்தனை வருஷமா தானா ஓடுது."

சல்லடை மெல்லுவதை நிறுத்தினான். "தானா ஓடாது மாமா."

"ஓடுதே."

"ஒரு தடவை உறுதி பண்ணா ஒரு வருஷத்துக்குத்தான். அது முடியறதுக்கு முன்னாடி மெயில் வரும். மறுபடி போய் உறுதி பண்ணணும். பண்ணலன்னா சந்தா நிக்காது, விலைதான் ஏறும். அதே பேங்க் அட்டையில முழு விலையை எடுத்துடுவாங்க. அதிகமா பிடிச்சுட்டாங்கன்னு சண்டை போடறவங்க எல்லாம் அப்படி மறந்தவங்கதான்."

"எனக்கு ஏறலயே?"

"அப்ப வருஷா வருஷம் யாரோ உங்க லாகின்ல போய் உறுதி பண்ணியிருக்காங்க."

கடைக் கணினியில் தேடினார்கள். விளம்பரக் குப்பைக்கு நடுவே அந்த மெயில்கள் கிடந்தன. 'உங்கள் மாணவர் தகுதி முடியப்போகிறது, மறுபடி உறுதிசெய்யாவிட்டால் வழக்கமான விலைக்கு மாறும்' என்று ஒன்று. அதை ஒட்டியே, 'கல்லூரி லாகின் மூலம் உறுதியானது, நன்றி' என்று இன்னொன்று. ஒவ்வொரு வருஷமும் அதே ஜோடி. ஸ்டூடியோக்காரர் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை.

"லாகின் பாஸ்வேர்டு யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"எனக்கே மறந்து போச்சுடா."

மனைவி திரைச்சீலையைப் பிடித்தபடி நின்றாள். "படிக்காத படிப்புக்கு என்ன மாணவர் விலை? நான் அப்பவே சொன்னேன். பொய் சொல்லிப் பொழைக்க வேண்டாங்க. முழு விலையைக் கட்டிடுவோம்."

"முழு விலை கட்டினா கடையை மூடிட்டு உன் தம்பி வீட்டு வாசல்ல உக்கார வேண்டியதுதான்."

"உக்காருங்க, பாய் போடறேன்" என்றான் சல்லடை. ஆனால் முகத்தில் விளையாட்டு இல்லை. "மாமா, ஒண்ணு. மாணவர் இல்லன்னு தெரிஞ்சா தள்ளுபடியை நிறுத்திடுவாங்க. கணக்கையே முடக்கினாலும் ஆச்சரியமில்ல. உங்க ஆல்பம் வேலை பூரா அதுக்குள்ளதானே கிடக்கு? யாரு பண்றாங்கன்னு காலேஜ்ல போய்க் கேட்டுடுங்க. கையோட பேரையும் எடுத்துடுங்க."

பேரை எடுத்தால் அடுத்த வருஷம் முழு விலை. எடுக்காவிட்டால் என்றைக்காவது கணக்கு போகும், அதோடு கடையும் போகும். இரண்டு பக்கமும் இடி வாங்கும் மத்தளம் மாதிரி அவர் மறுநாள் கிளம்பினார்.

கல்லூரி அலுவலகத்தில் மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. எழுத்தர் அம்மா நிமிர்ந்து பார்த்து, அறிமுகமான ஆளிடம் பேசுவதுபோலக் கேட்டார். "என்ன சார், இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டீங்க? இடுப்பு வலி எப்படி இருக்கு?"

ஸ்டூடியோக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை.

"என்னையா கேட்டீங்க?"

"வேற யாரை? நேத்து படியேற முடியலன்னு இங்கதானே உக்காந்திருந்தீங்க."

நேற்று மாலை பூராவும் அவர் கடையில்தான் இருந்தார். "அம்மா, நான் படிப்பை எப்பவோ விட்டுட்டேன். பேரை எடுத்துடணும்" என்றார்.

அந்த அம்மா கணினியைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "விளையாடாதீங்க சார். கட்டணம் முழுக்கக் கட்டியாச்சு. வருகை உங்க வகுப்புலயே உங்களுக்குத்தான் அதிகம். படிக்கிற பசங்க வெக்கப்படணும். சரி, விலகணும்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அடுத்த பருவத்துல திரும்பி வர்றேன்னு வந்து நிக்கக் கூடாது. பேர் போனா லாகினும் போயிடும்."

தாளை நீட்டினார். ஸ்டூடியோக்காரர் பேனாவை எடுத்தார். முழு விலை கண்முன்னே வந்து நின்றது. லென்ஸ் பழுது பார்க்க வேண்டும், வீட்டுக்காரன் வாடகையைக் கூட்டிக் கேட்கிறான். பேனாவை வைத்தார்.

"வகுப்பைப் பாத்துட்டு வர்றேன்."

"எப்பவும் உக்கார்ற கடைசி பெஞ்சுதானே? போங்க."

வகுப்பறை காலியாக இருந்தது. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் உட்காரும் இடம் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. கால் தானாகவே அங்கே போனது. உட்கார்ந்ததும் இடுப்புக்கு இதமாக ஏதோ அணைத்துப் பிடித்தது. மடித்த பழைய சாக்கு ஒன்றை யாரோ முதுகுக்குக் கட்டி வைத்திருந்தார்கள். வீட்டில் அவர் நாற்காலிக்கும் அவர் அப்படித்தான் கட்டியிருக்கிறார்.

பெஞ்சுக்கு அடியில் கையை விட்டார். விரலில் காகிதம் பட்டது. இழுத்தால், மெல்லிய குழாய்களாகச் சுருட்டிய துண்டுக் காகிதங்கள் கொத்துக் கொத்தாக விழுந்தன. யோசிக்கும்போது கையில் கிடைக்கும் காகிதத்தைச் சுருட்டிக் காதில் செருகிக்கொள்வது அவருடைய பழக்கம். அதற்காக மனைவியிடம் வாங்காத திட்டு இல்லை. வேறு யாரும் இப்படிச் சுருட்டி அவர் பார்த்ததில்லை. ஒரு முனையில் பல் பட்ட தடம் வேறு. இன்னும் ஈரமாக இருந்தது.

எழுந்து ஓட வேண்டும் என்றுதான் தோன்றியது. ஆனால் எங்கிருந்தோ ஒரு கணக்கும் வந்தது. தள்ளுபடி கண்ட இடத்தில் அந்தக் கணக்கு அவரை விட்டதே இல்லை. வருகிறவன் வரட்டும். அவனுக்கு முன்னால் நானே உட்கார்ந்துவிட்டால்? நானே படித்தால்? அப்புறம் இதில் பொய் எங்கே இருக்கிறது? லாகின் என்னுடையது, பேர் என்னுடையது, பெஞ்சும் என்னுடையது. மாணவர் விலையும் நியாயமாக என்னுடையது.

பையன்கள், பெண்கள், வேலை முடித்து வந்தவர்கள் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். "வணக்கம் மாமா" என்று ஒருத்தி கடந்து போனாள். முன் பெஞ்சுக்காரன் திரும்பி, "சாக்கு தேடித் தந்தேனே, வசதியா இருக்கா?" என்றான். ஸ்டூடியோக்காரர் தலையாட்டினார். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வருவான், அவன் முகத்தைப் பார்த்துவிடலாம்.

எல்லா இடமும் நிரம்பியது. அவன் மட்டும் வரவில்லை.

ஆசிரியர் உள்ளே நுழைவதற்குள் வீட்டுக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தார். மனைவி எடுத்ததும் சிரித்தாள்.

"என்னங்க இது புதுசா? முன்னறையில உக்காந்துக்கிட்டு பின்னறைக்குப் போன் பண்றீங்க?"

"நான்... காலேஜ்ல இருக்கேன்."

"ஆமாமா, காலேஜ்ல. இப்பத்தானே டீ குடுத்துட்டு வந்தேன். சூடு பத்தலன்னு முணுமுணுத்தீங்களே."

"திரையை விலக்கிப் பாரு."

செருப்புச் சத்தம் கேட்டது. திரைச்சீலையின் வளையங்கள் கம்பியில் உரசும் ஒலி கேட்டது. அப்புறம் மவுஸ் தட்டும் ஓசை. அவர் கடையின் ஓசை. இடது பொத்தான் கொஞ்சம் தளர்ந்துபோன மவுஸ், இரண்டு தரம் சொடுக்கும்.

"இதோ இருக்கீங்களே. காதுல காகிதம் வேற" என்றாள். பிறகு குரல் தழைந்தது. அவள் அப்படிப் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. "இப்ப நீங்க என் கண்ணு முன்னாடியே அதைப் பண்ணது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மாணவர் விலையே வேண்டாம், முழு விலையா மாத்திட்டேன்னு சொன்னீங்களே. கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா ஆகாதா என்ன? இப்பத்தான் நீங்க என் புருஷன் மாதிரி இருக்கீங்க."

"அவன்கிட்ட போனைக் குடு."

"யார்கிட்ட?"

போன் கட்டாகிவிட்டது. கையிலேயே அது ஒரு தரம் அதிர்ந்தது. புது மெயில். 'மாணவர் திட்டத்திலிருந்து விலகிவிட்டீர்கள். அடுத்த கட்டணத் தேதி முதல் வழக்கமான விலை, பதிவு செய்த அதே அட்டையில் எடுக்கப்படும்.' அதைத் தொட்டுத் திறக்கப் பார்த்தார். மெயிலின் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது, மறுபடி உள்நுழையுங்கள் என்றது திரை. பழைய பாஸ்வேர்டைப் போட்டார். ஏற்கவில்லை.

ஆசிரியர் வந்துவிட்டார். கதவைச் சாத்தினார். வருகை எடுக்கத் தொடங்கினார்.

ஸ்டூடியோக்காரர் எழுந்து நின்றார். ஓடினால் வீட்டுக்குப் போய்விடலாம். போய்? திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் ஒருவன் இருக்கிறான். பொய் சொல்லாதவன், முழு விலை கட்டுகிறவன், மனைவிக்குப் பிடித்தவன். வாசலில் நின்று நான்தான் அவர் என்று எதைக் காட்டிச் சொல்வது? அவர் இன்னார் என்று சாட்சி சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தது இந்த வருகைப் பட்டியல் ஒன்றுதான். இன்றைக்கு வரவில்லை என்று போட்டால், அதுவும் போய்விடும்.

"உக்காருங்க சார், இடுப்பு வலிக்கப் போகுது" என்று முன் பெஞ்சுக்காரன் கிசுகிசுத்தான்.

அவர் உட்கார்ந்தார். சாக்கு முதுகை இதமாக வாங்கிக்கொண்டது.

ஆசிரியர் அவர் பேரைக் கூப்பிட்டார்.

"உள்ளேன் ஐயா" என்றார் ஸ்டூடியோக்காரர். கை தன்பாட்டுக்கு ஒரு காகிதத்தைச் சுருட்டத் தொடங்கியிருந்தது.