நூறில் பூட்டிய யூரோ

ஸ்கேன் மையம் ஆரம்பிக்கப் போகிறோம் என்று அக்கா சொன்ன அன்றே தம்பிக்கு மேனேஜர் என்று பெயர் விழுந்துவிட்டது. அதற்கு முன் அவன் ஒரு மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தான். பேச்சில் கெட்டிக்காரன். கணக்கிலும் கெட்டிக்காரன் என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், மறுத்துப் பேச ஆள் இல்லாததால் அது உண்மையாகவே நின்றுவிட்டது.

அக்கா ஸ்கேன் படம் பார்த்துச் சொல்லும் டாக்டர். ஊரின் பெரிய ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்காக ராத்திரி டியூட்டி. ராத்திரிக்குத்தான் சம்பளம் அதிகம், கணவன் போன பிறகு அவளுக்கு அந்த அதிகம் தேவைப்பட்டது. விபத்தில் அடிபட்டு வருகிறவர்களின் மண்டையையும் முதுகையும் விடிய விடியத் திரையில் பார்த்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் வீட்டுக்கு வருவாள். தாயும் மகளும் வாசலில் ஒருவரை ஒருவர் கடந்து போகிற குடும்பம் அது. மகள் தினமும் தனியாகத்தான் ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டாள். பள்ளிப் படிப்பு முடிய இன்னும் இரண்டரை வருஷம் இருந்தது. அதில் கடைசி இரண்டு வருஷமாவது அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அக்காவுக்கு வேறு ஆசையே கிடையாது. மையமே அதற்காகத்தான்.

மிஷின் வெளிநாட்டிலிருந்து வந்தது. விலை இரண்டு லட்சம் யூரோ, ஆறு மாதம் கழித்துக் கட்டினால் போதும். அன்றைக்கு ஒரு யூரோ தொண்ணூற்றெட்டு ரூபாய்க்கு விற்றது.

"ஆறு மாசத்துல அது என்ன விலைக்கு இருக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? ஏறலாம், இறங்கலாம்."

"அதெல்லாம் எனக்கு வேண்டாம்டா. ஒரே ஒரு நம்பர் சொல்லு. அந்த நம்பர் மாறக்கூடாது. அதை வச்சுத்தான் நான் வேலையை விடணும்."

தம்பி பாங்குக்குப் போனான். அந்நியச் செலாவணிப் பிரிவில் ஓர் அதிகாரி அம்மா இருந்தார், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசை முழுக்கத் தேடுகிறவர். அவர் விஷயத்தை நாலு வரியில் சொன்னார். ஆறு மாதம் கழித்து நூறு என்ற விலையில் இரண்டு லட்சம் யூரோ தருகிறோம், வாங்கிக்கொள்கிறோம் என்று நீங்கள் இன்றே கையெழுத்துப் போடுங்கள். அன்று சந்தையில் யூரோ நூற்றிருபது விற்றாலும் உங்களுக்கு நூறுதான். தொண்ணூறு விற்றாலும் நூறுதான், அப்போது ஏமாந்தோமே என்று என்னைத் திட்டக்கூடாது. இதற்குப் பெயர் ஃபார்வர்ட் கான்ட்ராக்ட்.

மொத்தம் இரண்டு கோடி. பாங்கு கடன் ஒன்றரைக் கோடி, மீதி ஐம்பது லட்சம் அக்காவின் சேமிப்பு. கச்சிதமாகப் பொருந்தியது. "பூட்டிட்டேன்க்கா" என்றான் தம்பி. அக்கா அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்தாள், ஆறு மாத நோட்டீஸ்.

நாலு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஆனால் தம்பி போனில் யூரோ விலையைப் பார்க்கப் பழகிவிட்டிருந்தான். காலையில் பல் தேய்க்கும்போது பார்ப்பான், சாப்பிடும்போது பார்ப்பான். யூரோ நூற்றைந்தைத் தொட்ட அன்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே பாங்குக்கு ஓடினான்.

"மேடம், நம்ம கான்ட்ராக்ட் இப்ப லாபத்துல இருக்குல்ல?"

அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அதே தேதிக்கு இன்னைக்குப் போட்டா நூத்தி ஆறு சார். நீங்க நூறுல போட்டிருக்கீங்க. யூரோவுக்கு ஆறு வித்தியாசம்."

"அப்போ பன்னெண்டு லட்சம். இப்பவே கேன்சல் பண்ணா அது என் கைக்கு வருமா?"

"வரும். ஏன் சார், மிஷினைத் திருப்பி அனுப்பிட்டீங்களா?"

"இல்லையே, ஜம்முனு ஓடிட்டிருக்கு."

"அப்போ எதுக்குக் கேன்சல்? கட்ட வேண்டிய யூரோ அப்படியேதானே நிக்குது."

"அதை அப்புறம் பாத்துக்கலாம் மேடம். இவ்வளவு ஏறினது இன்னும் ரெண்டு மாசத்துல கொஞ்சமாவது இறங்காதா? இறங்கினப்ப வாங்கிக்குவேன்."

அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டார். "வேணும்னா நூத்தி ஆறுல இப்பவே திரும்பப் போட்டுடுங்க. ஆனா அப்போ இந்தப் பன்னெண்டு லட்சத்தைத் தொடக்கூடாது, அது மிஷினுக்குச் சேர வேண்டிய காசு. ரெண்டையும் சேத்தா உங்க பழைய ரெண்டு கோடிதான் வரும். இதுல லாபம்னு தனியா ஒண்ணும் இல்ல சார்."

தம்பிக்கு இதில் ஒரே ஒரு சொல்தான் காதில் விழுந்தது, லாபம். அவர் 'இல்ல' என்று முடித்தது விழவில்லை. ஆசை பிடித்தவன் காது அப்படித்தான் வேலை செய்யும். கேன்சல் செய்யும் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் 'விலை சாதகமாக உள்ளது' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்தப் பணத்தை அவன் குடிக்கவோ சூதாடவோ இல்லை, அப்படிச் செய்திருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். மையத்தின் முகப்பை இடித்துக் கண்ணாடி வைத்தான். காத்திருக்கும் இடத்துக்கு மெத்தை வைத்த சாய்வு நாற்காலிகள் வாங்கிப் போட்டான். வாசலுக்கு மேலே, தெருமுனையிலிருந்தே தெரிகிற மாதிரி, அக்காவின் பெயரை விளக்கு எரியும் எழுத்துகளில் பொறித்து மாட்டினான்.

அக்கா தெருவில் நின்று தன் பெயரை அண்ணாந்து பார்த்தாள். "இதுக்கெல்லாம் ஏதுடா காசு?"

"லாபம்க்கா. யூரோவுல சம்பாதிச்சேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர்களிடமெல்லாம் என் தம்பி, என் தம்பி என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்திருக்கும். பூட்டு திறந்து கிடக்கிறது என்பதை அவன் சொல்லவில்லை. இறங்கின பிறகு வாங்கிவிட்டு மொத்தமாகச் சொன்னால் இன்னும் பெருமையாக இருக்கும் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

யூரோ இறங்கவில்லை. நூற்றெட்டு ஆயிற்று. நாளைக்கு இறங்கும் என்றான் தனக்குத்தானே. நூற்றுப்பத்து ஆயிற்று. இப்போது வாங்கினால் முட்டாள்தனம் என்றான். வாங்கியிருந்தாலாவது முட்டாள்தனம் அதோடு நின்றிருக்கும். சாப்பாடு இறங்கவில்லை, போனைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான். கட்ட வேண்டிய நாளில் விலை நூற்றுப்பதிமூன்று.

அதிகாரி ஒரு காகிதத்தில் எழுதி அவன் பக்கம் நகர்த்தினார். இரண்டு கோடியே இருபத்தாறு லட்சம். "அந்தக் கான்ட்ராக்ட் இருந்திருந்தா இன்னைக்கு ரெண்டு கோடி கட்டி யூரோவை வாங்கிட்டுப் போயிருப்பீங்க. இருபத்தாறு லட்சம் லாபம்னு அது மேல காட்டியிருக்கும், ஆனா கையில ஒரு பைசா வந்திருக்காது. அதோட வேலை அவ்வளவுதான் சார்." குத்திக்காட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. குத்திக்காட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

கடனை இதற்கு மேல் கூட்டித் தர முடியாது என்று பாங்கு சொல்லிவிட்டது. பன்னிரண்டு லட்சம் கண்ணாடியாகவும் நாற்காலியாகவும் விளக்காகவும் நின்றுகொண்டிருந்தது. அன்று அவன் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"நான் ஒரு நம்பர்தானேடா கேட்டேன்" என்றாள் அக்கா.  முகம் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டியூட்டிக்கு டாக்டர் கிடைப்பது கஷ்டம். அக்கா திரும்ப வருகிறேன் என்றதும் நிர்வாகம் சந்தோஷமாகவே இருபத்தாறு லட்சம் முன்பணம் கொடுத்தது. பதிலுக்கு இரண்டு வருஷம் விடாமல் ராத்திரி டியூட்டி பார்ப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டது. அவள் ஒப்படைத்திருந்த லாக்கர் சாவியைக் கூட இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

அதன் பிறகு காலையில் மையத்தைத் திறக்கும்போதெல்லாம் அக்கா நேரே டியூட்டியிலிருந்து வந்துவிடுவாள். முதல் நோயாளி வரும் வரை அந்த மெத்தை நாற்காலி ஒன்றில் வெள்ளைக் கோட்டோடு சாய்ந்து தூங்குவாள். தம்பி சத்தம் போடாமல் ஜன்னல் திரையை இழுத்துவிடுவான். நாற்காலி நன்றாகத்தான் இருந்தது, நல்ல விலை கொடுத்து வாங்கியதல்லவா. 

இரண்டாவது வருஷக் கடைசியில் மிஷினின் எக்ஸ்ரே குழாய் போயிற்று. புதுக் குழாய் நாற்பதாயிரம் யூரோ, மூன்று மாதம் கழித்துக் கட்டினால் போதும். தம்பி பாங்குக்குப் போய் நூற்றுப்பதினெட்டில் பூட்டினான். ஒரு மாதத்தில் விலை நூற்றிருபத்திரண்டுக்கு ஏறியது. அவன் பாங்கு இருந்த தெருப் பக்கமே போகவில்லை. கட்டும் நாளில் சந்தை விலை நூற்றுப்பதினாலுக்கு இறங்கியிருந்தது. பூட்டிய விலையிலேயே கட்டிவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் அக்கா கடைசி ஸ்கேன் படத்தைப் பார்த்து முடித்துக்கொண்டிருந்தாள்.

"குழாய்க்குக் கட்டிட்டேன்க்கா. ஃபார்வர்ட்ல நஷ்டம். ஒரு லட்சத்து அறுபதாயிரம்."

"நீ மூணு மாசம் முன்னாடி சொன்ன நம்பர் மாறிச்சா?"

"மாறல."

"அப்புறம் என்ன நஷ்டம்?" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தம்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதே கேள்வியை அன்றைக்கு லாபத்தைப் பார்த்துக் கேட்கத் தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டான்.

அக்கா திரையை அணைத்தாள். எழுதிக் கொடுத்த இரண்டு வருஷமும் முந்தின நாளோடு முடிந்திருந்தது. இனி ராத்திரி டியூட்டி இல்லை. மகளுக்கும் பள்ளி முடிந்து, வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்து, போன வாரம்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போயிருந்தாள். தம்பிதான் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். "அம்மாவைப் பாத்துக்கோங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா கோட்டைக் கழற்றி மடித்தாள். இரண்டு பேரும் கதவைப் பூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். தலைக்கு மேலே அவள் பெயர் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இன்னைக்கு ராத்திரி வீட்லதான் இருக்கேன்" என்றாள். "ஒருத்திக்கு மட்டும் சமைக்க மனசு வரல. நீ வந்து சாப்பிடுறியாடா?"

தம்பி தலையை ஆட்டிவிட்டு அவள் பின்னால் நடந்தான்.