ஒரு நல்ல வார்த்தைக்கு இரண்டு பக்க நன்றி

என் அக்கா சலவை இயந்திரம் பழுது பார்ப்பவர். பெரிய நிறுவனமொன்றின் சேவை மையத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, சென்ற ஆண்டின் இறுதியில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். தொலைபேசியை எடுப்பது, நேரம் குறித்துக் கொடுப்பது, ரசீது எழுதுவது, கருவிப் பெட்டியின் கனமான பக்கத்தைத் தூக்குவது ஆகியவை என் பொறுப்புகள். அக்காவின் கருத்துப்படி, இவற்றுள் கடைசி வேலையை மட்டுமே நான் ஒழுங்காகச் செய்கிறேன்.

நான்கு மாதங்கள் கடந்தும் வாரத்திற்கு மூன்று அழைப்புகளுக்கு மேல் வரவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் பழைய சேவை மையத்திற்கே திரும்பிவிடுவதாக அக்கா சொல்லியிருந்தார். அங்கே அவருடைய இடத்தை இன்னும் நிரப்பவில்லையாம். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொன்ன அன்று இரவு உணவில் உப்புப் போட மறந்துவிட்டார்.

அந்த நிலையில்தான் பாட்டு டீச்சர் ஒருவரின் அழைப்பு வந்தது.

"மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குது, தம்பி. துணி உள்ள மாட்டிக்கிச்சு. லைப்ரரியில இருக்காளே, என் சிநேகிதி, அவதான் உங்க நம்பரைக் குடுத்தா."

நூலகர் அம்மா எங்கள் தொடக்க கால வாடிக்கையாளர்களுள் ஒருவர். அவர் வீட்டு இயந்திரம் ஆடிய ஆட்டத்தில் அருகிலிருந்த அலமாரியே நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா எதையும் கழற்றவில்லை. அடியில் இருந்த நான்கு கால்களையும் மட்டம் பார்த்துத் திருகி, அரை மணி நேரத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்.

பாட்டு டீச்சர் வீட்டில் அக்கா இயந்திரத்தின் முன்னால் சப்பணமிட்டு அமர்ந்தார். கீழ்மூலையிலிருந்த சிறு மூடியைத் திறந்து, ஒல்லியான குழாய் வழியாகத் தேங்கிய தண்ணீரைத் தட்டில் வடித்தார். பிறகு வடிகட்டியைத் திருகி வெளியே எடுத்தார். அதிலிருந்து வந்த பொருட்களை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

"அவ்வளவுதாங்க. பம்ப் நல்லா இருக்கு," என்றார் அக்கா. "மாசம் ஒரு தடவை இந்த மூடியைத் திறந்து நீங்களே சுத்தம் பண்ணிக்கலாம். இதுக்கெல்லாம் எங்களைக் கூப்பிட வேண்டாம்."

பாட்டு டீச்சர் சிரித்துவிட்டார். "அவ சொன்னது சரியாத்தான் இருக்கு. 'அந்தப் பொண்ணு தேவையில்லாம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டா, நம்பிக் கூப்பிடு'ன்னா. நீ என்னடான்னா உன் பொழப்புலயே மண்ணைப் போட்டுக்கிற!"

அக்கா வண்டியில் ஏறிய பிறகும் சிறிது நேரம் சாவியைத் திருகாமல் அமர்ந்திருந்தார்.

"அப்படியா சொன்னாங்க?" என்று என்னிடம் கேட்டார்.

"அப்படித்தான் சொன்னாங்க."

"ம்." வண்டி புறப்பட்டது. வழி நெடுக அக்கா ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அக்காவுக்குப் பாட வராது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நூலகர் அம்மாவுக்கு முறைப்படி நன்றி தெரிவிக்க வேண்டும் என்று நான் அன்றே தீர்மானித்தேன். மாலையில் அமர்ந்து ஒரு கடிதம் வரைந்தேன். அக்கா அதை வாங்கிப் பார்த்தார்.

"'பெருமதிப்பிற்குரிய அம்மையீர், தங்களின் மேலான சமூகத்திற்கு'... டேய், இது என்னடா? லீவு கேக்கிறியா, லோன் கேக்கிறியா?"

"மரியாதையா இருக்க வேண்டாமா, அக்கா?"

"மரியாதை ரெண்டு பக்கத்துக்கு ஓடுதே! ஃபோனைப் போட்டு, 'ரொம்ப சந்தோஷம்மா'ன்னு சொன்னா ஆகாதா?"

"ஃபோன்ல எனக்கு வார்த்தை வராது."

"வார்த்தை வராதவன் எழுதின லட்சணமா இது?" என்றவர், இரண்டாம் பக்கத்தில் விரலை ஊன்றினார். "இதை முதல்ல அடி. அவங்க சிநேகிதி மெஷின்ல என்னென்ன கெடச்சதுன்னு இவங்களுக்கு எதுக்கு? அது அந்த வீட்டு விஷயம். 'வேலை நல்லபடியா முடிஞ்சது'ன்னு மட்டும் எழுது."

அந்தப் பத்தியை நான் அடித்துவிட்டேன். ஆனால் அடித்த இடம் வெறுமையாக இருந்தது என்னை உறுத்தியது. அக்கா உறங்கச் சென்றபின் அங்கே புதிதாக ஒரு பத்தி எழுதினேன். அத்துடன் கெட்டி அட்டையில் அழகிய எழுத்தில் ஒரு சீட்டும் தயாரித்தேன்: 'தங்கள் பரிந்துரைக்கு ஈடாக ஓர் இலவசச் சேவை. இனித் தாங்கள் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் மேலும் ஒன்று.' ஓரத்தில் ஒரு பூ வரைந்தேன். பூ நன்றாகவே அமைந்தது.

மறுநாள் நூலகத்திற்குச் சென்றேன். நூலகர் அம்மா திரும்பி வந்த புத்தகங்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். கவுண்டரின் மறுபுறம் முழங்கையை ஊன்றி, அவரோடு தணிந்த குரலில் கதை பேசிக்கொண்டிருந்தவர் வேறு யாருமல்லர், பாட்டு டீச்சர்தான். அவரும் இருப்பது இன்னும் சிறப்பு என்று அப்போது எனக்குத் தோன்றியது. கடிதத்தை இரு கைகளாலும் நீட்டினேன்.

"எனக்கா?" நூலகர் அம்மாவின் முகம் மலர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார். உறைக்குள்ளிருந்து சீட்டு நழுவிக் கவுண்டரில் விழுந்தது. அதைப் பாட்டு டீச்சர் எடுத்துப் படித்தார்.

"அடிப்பாவி!" என்றார், நூலகம் என்பதால் மெதுவாக. "என் துணி ஊறிக் கெடக்குதேன்னு பதறிப்போய் நீ நம்பர் குடுத்தியாக்கும்னு நெனச்சேன். ஆளுக்கு ஒரு சர்வீஸா? என்னைக் குடுத்து ஒண்ணு வாங்கிட்ட. அடுத்தது யாருடி?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். தோள் குலுங்கச் சிரிக்கவும் செய்தார். நூலகர் அம்மாவும் சிரித்தார். ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க எடுத்துக்கொண்ட நேரம் சற்று அதிகம். பாட்டு டீச்சர் அடுத்த அலமாரிக்கு நகர்ந்ததும், சீட்டைக் கடிதத்தினுள் மடித்து வைத்து என் பக்கம் தள்ளினார்.

"இது வேண்டாம், தம்பி. நான் இதுக்காகச் சொல்லல."

"இல்லைம்மா, ஒரு மரியாதைக்கு..."

"தெரியும். பரவாயில்லை." ஒரு புத்தகத்தைத் திறந்து, ஏற்கெனவே முத்திரை குத்தியிருந்த தாளில் இன்னொரு முத்திரை குத்தினார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூ நல்லா இருக்கு," என்றார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. "அவங்க சிநேகிதிக்கு நல்லது நெனச்சு ஒரு வார்த்தை சொன்னாங்க. நீ அதுக்கு ரேட் போட்டு, அந்தச் சிநேகிதி கையிலேயே குடுத்துட்ட. இனிமே அவங்க யாருக்கு எதைச் சொன்னாலும், 'உனக்கு இதுல என்ன?'ன்னு ஒரு சிரிப்பு வரும். அவங்களுக்கே வாயைத் திறக்கக் கூசும்."

"மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா?"

"எழுதின கையை ஒடிப்பேன். போய்ப் பேசு."

"நீயும் வாயேன்."

"நான் எதுக்கு? பூ வரைஞ்சது நானா?"

நான் செய்த கேடு எனக்கு விளங்கியது. வாடிக்கை குறைவது ஒருபுறம் இருக்கட்டும். எங்களுக்கு நன்மை செய்த ஒருவரை, அவருடைய தோழியின் முன்னால் நான் தரகராக நிறுத்திவிட்டேன். அதை முதலில் அந்தத் தோழியிடம் சரிசெய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

பாட்டு டீச்சர் கதவைத் திறந்தபோது, வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த வாக்கியங்கள் அனைத்தும் என்னைக் கைவிட்டன.

"அந்தச் சீட்டு... அவங்களுக்குத் தெரியாதுங்க," என்றேன். "உங்க வீட்டு வேலை முடிஞ்ச பிறகு நானா செஞ்சது. அக்காவுக்கே தெரியாது. அவங்க உங்ககிட்ட சொன்னப்போ அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது. அவங்க சும்மா, உங்களுக்காகத்தான் சொன்னாங்க."

"இதைச் சொல்லவா மூணு மாடி ஏறி வந்த?" அவர் இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "அவளை எனக்கு இருபத்தஞ்சு வருஷமாத் தெரியும்பா. ஒரு பேனா இரவல் வாங்கினாக்கூட மை நிரப்பித் திருப்பிக் குடுக்கிறவ. நான் சும்மா சீண்டினேன்."

"அவங்க முகம் வாடிருச்சுங்க."

பாட்டு டீச்சரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "வாடிருச்சா?"

"நீங்க அலமாரிப் பக்கம் போயிட்டீங்க."

அவர் உடனே தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தினார்.

"ஏண்டி, நான் சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டியா?"

மறுமுனையில் நூலகர் அம்மாவின் குரல் கேட்டது: "சேச்சே. அதெல்லாம் இல்ல."

"பொய் சொல்லாத. இங்க ஒரு சாட்சி நிக்குது, வெலவெலத்துப் போய். நான் பேசினது தப்புடி. நீ சொல்லலேன்னா என் துணியெல்லாம் அழுகியிருக்கும். இந்தா, பேசு தம்பி. ரெண்டு பக்கத்துக்கு வேண்டாம்."

தொலைபேசி என் கைக்கு வந்துவிட்டது. தப்பிக்க வழியில்லை.

"அம்மா," என்றேன். "தேவையில்லாம ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட மாட்டான்னு நீங்க சொன்னதை டீச்சர் எங்ககிட்ட சொன்னாங்க. இந்த மாசத்தோட கடையை மூடிட்டுப் பழைய வேலைக்கே போயிடலாம்னு அக்கா இருந்தாங்க. அதைக் கேட்டதுலேர்ந்து அந்தப் பேச்சையே எடுக்கல. அன்னைக்கு வழியெல்லாம் பாடிக்கிட்டு வந்தாங்க. அதைத்தான் நான் எழுதியிருக்கணும். சீட்டு என் முட்டாள்தனம்."

நூலகத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை கேட்டது.

"உங்க அக்கா பாடுவாளா?" என்றார் நூலகர் அம்மா கடைசியில்.

"பாட வராதும்மா."

பாட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். மறுமுனையிலும் சிரிப்புச் சத்தம். நூலகம் என்பதையும் மறந்த சிரிப்பு.

"தம்பி, என் மெஷின்ல தண்ணி எடுக்கிற எடத்துல லேசா ஒழுகுது. ரெண்டு நாளா பாத்திரம் வெச்சுச் சமாளிக்கிறேன். கூப்பிடக் கூச்சமா இருந்துச்சு. நீங்க காசு வாங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு."

"வாங்கிக்கிறோம்மா."

"முழுசா?"

"முழுசா."

"அப்போ சனிக்கிழமை காலைல வாங்க."

சனிக்கிழமை அக்கா இயந்திரத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, குழாயை அடைத்து, தண்ணீர்க் குழலின் முனையில் தேய்ந்துபோன ரப்பர் வளையத்தை மாற்றினார். நான் டார்ச் பிடித்தேன். நூலகர் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா குனிந்த நிலையிலேயே பேசினார். "அம்மா, நீங்க என்னைப் பத்திச் சொன்னது காதுக்கு வந்துச்சு. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

"உண்மையைத்தானே சொன்னேன்."

"அதான் சந்தோஷம்."

இவ்வளவுதான். நான் இரண்டு பக்கங்களில் முட்டி மோதியதை அக்கா ஒரு வளையத்தை இறுக்கும் நேரத்தில் முடித்துவிட்டார். குழாயைத் திறந்தார். ஒழுகவில்லை. நான் முழுத்தொகைக்கு ரசீது எழுதிக் கொடுத்தேன். நூலகர் அம்மா அதைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"பூ இல்லையா, தம்பி?"

"அதெல்லாம் கேக்காதீங்கம்மா, வரைஞ்சிடுவான்," என்றபடி அக்கா கருவிப் பெட்டியின் கனமான பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.