தரையில் கிடந்த காப்பர்-டி

பிரசவம் முடிந்த கையோடு நான்தான் அவளுக்குக் காப்பர்-டி வைத்தேன். அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டுமென்று அவளே கேட்டாள். "இப்ப வச்சா சிலருக்கு நழுவி விழுந்துடும். விழுந்தா உடனே வாங்க" என்று அவளிடமும் அவள் புருஷனிடமும் படித்துப் படித்துச் சொன்னேன்.

இன்று ஆறாவது வாரப் பரிசோதனை. காப்பர்-டியின் நூலைக் காணோம். ஸ்கேனில் கருப்பை காலி.

"அதுவா சிஸ்டர்? பாத்ரூம் தரையில கிடந்துச்சு, குப்பையில போட்டுட்டேன்" என்றான் புருஷன். "சொன்னா பக்கத்துல விடமாட்டாளே!" பல்லை வேறு இளித்தான்.

நல்லவேளை, சோதனையில் கர்ப்பம் இல்லை. "திரும்ப வைக்கலாம்மா" என்றேன்.

"கையில தோலுக்கடியில கருத்தடைக் குச்சி வைப்பாங்களாமே, அதை வைங்க சிஸ்டர்" என்றாள். "அதைக் குப்பையில போடணும்னா என் கையை வெட்டித்தான் போடணும்."