சுண்டு எழுதாத குறிப்பு

நர்ஸிங் படிப்பில் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள் சுண்டு. குள்ள உருவம் வாங்கித் தந்த பெயர். வார்டில் அவள் பொறுப்பில் இருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார். அன்றைக்குத் தான் செய்ததையும் மனசில் பட்டதையும் ரெண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கல்லூரியில் தர வேண்டும். ‘ஏ.ஐ. செயலி எழுதித் தருவதைப் பயன்படுத்தக் கூடாது’ என்று முதல் நாளே கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

அவள் செயலியைத்தான் கேட்டாள்.

“அப்படியே ஒட்டிடாதடி,” என்றாள் அறைத்தோழி. “ரெண்டு பக்கமும் ஒரே நொடியில வந்து விழுந்தா, ஃபைலோட திருத்த வரலாறே காட்டிக் கொடுத்துடும். போனைப் பார்த்துப் பார்த்து டைப் பண்ணு. பெரிய வார்த்தையை எடுத்துட்டு உன் மூஞ்சிக்கு ஏத்ததாப் போடு. கொஞ்சம் தப்பும் விடு.”

“தப்பு விட எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்!”

ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

மறுவாரம் ஆசிரியை கூப்பிட்டார். கணினித் திரையை இவள் பக்கம் திருப்பினார்.

“ஏ.ஐ. எழுதினதைக் கண்டுபிடிக்கிற மென்பொருளை நான் நம்பறதில்லம்மா. ஒண்ணும் செய்யாத பிள்ளையையும் அது மாட்டி விடும். ஆனா இதைப் பார். ஒன்றரை மணி நேரம் நேர்கோடு மாதிரி டைப் பண்ணியிருக்க. ஒரு வரியை அழிக்கல, மாத்தல. கடைசி நாலு நிமிஷத்துல மட்டும், சரியா இருந்ததைத் தேடித் தேடித் தப்பாக்கியிருக்க.”

“மனசுலயே யோசிச்சு வச்சிருந்தேன் மேடம்.”

“இருக்கலாம். இதை மட்டும் வச்சு உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன். அதான் கேக்கறேன். நீ எழுதினதா?”

இன்னும் நாலே மாசம், படிப்பு முடிந்துவிடும்.

“நானேதான் மேடம்.”

ஆசிரியை, பெரியவரின் நாடி பார்த்த நேரங்களைக் குறித்திருந்த வார்டு அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “‘கால் மணிக்கொரு தரம் நாடி பார்த்தேன்’னு எழுதியிருக்க. ராத்திரி எட்டுலேர்ந்து அவர் போற வரைக்கும் இதுல ரெண்டே ரெண்டு தரம்தான் இருக்கு.”

அந்த வரி சுண்டுவுக்கு ஞாபகம் இருந்தது. ‘நாடித்துடிப்பை’ என்று போனில் இருந்ததை ‘நாடி’ என்று மாற்றியவள் அவளேதான். வரி என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

“நீ எழுதினதுன்னா, செய்யாத பராமரிப்பைச் செஞ்சேன்னு சொல்ற. செத்துப் போனவர் விஷயத்துல. அது என் மேசையோட நிக்காது.”

“நான் எழுதல மேடம். செயலி போட்டது அது.”

“இப்பத்தானேம்மா கேட்டேன்?” ஆசிரியையின் குரல் இறங்கியது. “அப்பவே சொல்லியிருந்தா, பூஜ்யம் போட்டுத் திரும்ப எழுத வச்சிருப்பேன். மறைச்சதுக்கும், முகத்துக்கு நேரா மறுத்ததுக்கும் விதி வேற. ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பியே ஆகணும். சரி, அன்னைக்கு என்னதான் நடந்தது?”

“அவர் மூச்சு இழுக்கறதைப் பார்க்க முடியல. துணி வைக்கிற அறையில போய் நின்னுட்டேன். ‘யாரும்மா அங்க’ன்னு கூப்பிட்டார். காதுல விழுந்துச்சு. போகல.”

ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார்.

“இதைக் கேக்கத்தாம்மா அந்தக் குறிப்பு எழுதச் சொன்னது.”

“மதியம் வார்டுக்குப் போலாமா மேடம்?”

“வேண்டாம். குழு சொல்ற வரைக்கும் நோயாளி பக்கம் போகக் கூடாது.”