நான்கு குமார்களின் குடும்ப வீடு

பனியன் கம்பெனியின் புதிய குடியிருப்பில் வீடு ஒதுக்கும் வேலையை மென்பொருளிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்களுக்குக் குடும்ப வீடு, மற்றவர்களுக்கு விடுதி. அதற்குத் தோதாக ஊழியர் பட்டியலின் முழுப்பெயர் பத்தியைப் பெயர், குடும்பப் பெயர், இனிஷியல் என மூன்றாகப் பிரித்துக் கொடுத்தவன் ஹெச்.ஆர். குணா.

பிரித்த விதத்தில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. புள்ளிகளையெல்லாம் இடைவெளியாக்கினான். ஒற்றை ஆங்கில எழுத்து என்றால் இனிஷியல், மீதியில் முதல் சொல் பெயர், அடுத்த சொல் குடும்பப் பெயர். ‘ஆர்.சோணைமுத்து’ மாதிரி ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குக் குடும்பப் பெயர் காலியாக நின்றது. காலியை மென்பொருள் வாங்க மறுத்ததால், இனிஷியலின் விரிவைக் கேட்டு அங்கே நிரப்பிவிட்டான்.

பட்டியல் வந்தது. மனோஜ் குமார், சுனில் குமார், விகாஸ் குமார், திலீப் குமார் ஆகிய நால்வருக்கும் சமையலறையோடு ஒரு குடும்ப வீடு. கட்டிங் மாஸ்டர் சோணைமுத்துவுக்கு ஆண்கள் விடுதி. செக்கிங்கில் இருக்கும் அவர் மனைவி ராமாயிக்குப் பெண்கள் விடுதி.

ராமாயி வேலை நேரத்திலேயே வந்து நின்றார். பின்னால் சோணைமுத்து, எதற்கும் பொறுப்பில்லாதவர் போல.

“தம்பி, புருசன் பொண்டாட்டி இல்லன்னு எங்களத் தீத்து விட்டுட்டீகளா?”

குணா பட்டியலைப் பார்த்தான். சோணைமுத்துவின் குடும்பப் பெயர் ராக்கையா. அது அவருடைய அப்பா. கல்யாணத்துக்குப் பின் கணவர் எழுத்தைப் போட்டுக்கொண்ட ராமாயியின் குடும்பப் பெயர் சோணைமுத்து. மென்பொருளைப் பொறுத்தவரை இருவரும் முன்பின் அறியாதவர்கள்.

மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி தலையை நீட்டினார்.

“ஏனுங்க குணா, அந்த நாலு பேரும் அண்ணந்தம்பிங்களா?”

“இல்லீங்க சார். ஒருத்தரு கயா, ஒருத்தரு கட்டாக். மத்த ரெண்டு பேரு எந்த ஊருன்னு கேக்கோணும்ங்க.”

பெயரை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடிக்கப் போனதுதான் கோளாறு என்று குணா ஒப்புக்கொண்டான். அசல் முழுப்பெயர் பத்தியைத் திரும்ப வைத்தான். குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு அந்த இடத்தில் வெறும் புள்ளி. அவ்வளவு அடம்பிடித்த மென்பொருள் ஒரு புள்ளிக்கு அடங்கிவிட்டது. பக்கத்தில் ‘யாரோடு வசிக்கிறார்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்து, அதைப் பார்த்தே வீடு ஒதுக்க மேனேஜரிடம் சம்மதம் வாங்கினான். இனி எதையும் ஊகிப்பதில்லை, ஒவ்வொருவரையும் நேரில் கேட்டுத்தான் எழுதுவது.

முதல் ஆளாக எதிரில் இருந்தவரையே கேட்டான்.

“மாஸ்டர், நீங்க யாரோட இருக்கப் போறீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. சோணைமுத்து காதுவரை சிவந்து ராமாயியைப் பார்த்தார்.

“அவளக் கேட்டுட்டுச் சொல்லட்டுமா தம்பி?”

ராமாயி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, “எழுதுங்க தம்பி. போனாப் போகுது” என்றார்.