பழைய கம்பெனி பஸ்

ஒரகடம் பக்கத்துக் கலைக்கல்லூரி ஒன்றில் ஸ்ரீமதி மொழியியல் நடத்தினாள். வகுப்புத் தேர்வில் ஒரு வாக்கியம் கொடுத்து, எந்தச் சொல் எதோடு சேருகிறது என்று காட்டும் மரவரைபடம் போடச் சொல்லியிருந்தாள்: ‘கண்ணப்பன் பழைய கம்பெனி பஸ்ஸில் வந்தான்.’

உச்சியில் வாக்கியம். அதன் கீழ் இரண்டு கிளைகள்: ‘கண்ணப்பன்’ என்ற பெயர்த்தொடர், மீதியெல்லாம் அடங்கிய வினைத்தொடர். வினைத்தொடர் ‘பழைய கம்பெனி பஸ்ஸில்’ என்றும் ‘வந்தான்’ என்றும் பிரியும். இதுவரை யாரும் தப்பு செய்யவில்லை. அதற்குக் கீழே பெரும்பாலானவர்கள் ‘கம்பெனி’யையும் ‘பஸ்ஸில்’ என்பதையும் முதலில் சேர்த்து, பிறகு ‘பழைய’வை ஒட்டியிருந்தார்கள். அப்படியென்றால் பஸ் பழசு.

இரண்டு பேர் மட்டும் ‘பழைய’வையும் ‘கம்பெனி’யையும் முதலில் சேர்த்துவிட்டு, அப்புறம் பஸ்ஸோடு இணைத்திருந்தார்கள். அப்படியென்றால் கம்பெனி பழசு. வாக்கியத்துக்கு இப்படியும் ஒரு மரம் உண்டு என்பது திருத்தும்போதுதான் ஸ்ரீமதிக்கே உறைத்தது. ஆனால் அந்த இருவரும் ஒரே பெஞ்சு. ஒருத்தி சௌந்தர்யா, வகுப்பில் முதலாவது. இன்னொருவன் மண்ணூர் ஜீவானந்தம், எப்போதும் கடைசி நிமிடத்தில் வருகிறவன். யார் யாரைப் பார்த்திருப்பார்கள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

ஜீவானந்தத்தைத் தனியாகக் கூப்பிட்டுப் போர்டில் மறுபடி போடச் சொன்னாள். தடுமாறாமல் போட்டான். மனப்பாடம் பண்ணியிருப்பான் என்று தோன்றியது.

“இதுல எது பழசு?”

“கம்பெனி மேடம். எங்க அண்ணன் இப்ப வேற கம்பெனிக்குப் போய்ட்டாரு. டிரைவர் தெரிஞ்சவருன்னு இன்னும் பழைய கம்பெனி பஸ்லதான் வந்துகினு கீறாரு. பஸ் புதுசு.”

பதில் பொருத்தமாகத்தான் இருந்தது. ரொம்பப் பொருத்தமாக இருந்ததே அவளுக்கு உறுத்தியது. அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, போர்டை அழித்துவிட்டுச் சௌந்தர்யாவை அழைத்தாள். அவளும் அதே மரத்தைப் போட்டாள், கோடுகள் இன்னும் நேராக.

“எது பழசு?”

“பஸ்தான் மேடம்,” என்றாள் சௌந்தர்யா உடனே.

ஸ்ரீமதி ‘பழைய’வும் ‘கம்பெனி’யும் கூடும் முனையில் விரலை வைத்தாள். சௌந்தர்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல வெளுத்தது.

“நான் முதல்ல வேற மாதிரிதான் போட்டேன். ஜீவா போட்டதைப் பார்த்ததும் நம்மது தப்போன்னு அழிச்சிட்டேன்.”

விடைத்தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள் ஸ்ரீமதி. ரப்பர் தேய்த்த தடம் நன்றாகவே தெரிந்தது. அடியில் அழிந்த கோடுகள் மற்றவர்கள் போட்ட மரம்தான். அதுவும் சரியான விடை. அழிக்காமல் விட்டிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். அந்தக் கேள்விக்குச் சுழியம் போட்டு அவளை அனுப்பினாள். ஜீவானந்தத்தை உள்ளே அழைத்து, அவன் விடை சரி என்று மட்டும் சொன்னாள்.

அவன் நகரவில்லை.

“முதல்ல என்னை எதுக்கு மேடம் கூப்ட்டீங்க?”

வரிசைப்படிதான் என்று சொல்லிவிட்டாள். வருகைப் பதிவில் சௌந்தர்யாவின் பெயர் அவன் பெயருக்குப் பின்னால்தான் வரும்; அது உண்மை. அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஆனால் வாசல்வரை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்த பார்வை, அந்தப் பதிலை நம்பியவனுடையதாக இல்லை.